கையெழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து

லைஸ்பெத் யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். பண்ணைகளிலிருந்து வரும் முட்டையைத் தரம் பிரிக்கும் எங்கள் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொடுத்த கையுறை பெரிதாக இருக்கிறது என்று சொல்லக்கூட வாய் வராமல், மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டுக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டியவள். நான்தான் அதைப் பார்த்துவிட்டு, அவளையும் திட்டி, ஸ்டோர்காரனையும் திட்டி, சின்ன அளவு வரவழைத்துக் கொடுத்தேன். அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலைக் காபி நேரத்தில் அலுவலகக் கதவருகே வந்து நின்றுகொண்டு, "அலீடா, எனக்கு ஒண்ணு வேணும்" என்றதும், யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

வீடு வாங்கப் போகிறாளாம். வங்கிக் கடனுக்குச் சம்பளச் சான்றிதழும் வேலைச் சான்றும் வேண்டுமாம். எங்கள் நெதர்லாந்தில் இரண்டும் ஒரே படிவம்தான். என்ன சம்பளம், எந்தத் தேதியிலிருந்து வேலை, நிரந்தரமா தற்காலிகமா, சம்பளத்தின் மேல் ஜப்தி ஏதும் உண்டா என்று எல்லாம் அதிலேயே இருக்கும். முதலாளி கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. கூடத்தின் அலுவலகத்தில் அரை நாள் உட்காருகிறவள் நான். சம்பளச் சீட்டிலிருந்து லாரி ஒப்பந்தம் வரை எல்லாத் தாளும் என் கைவழியாகத்தான் போகும். இவ்வளவுதானா, நாளைக்கே தருகிறேன் என்று பெரிதாகச் சொல்லி அனுப்பினேன்.

அந்த வீட்டை நானும் போய்ப் பார்த்தேன். ஊர்க்கோடியில், ஒரு வரிசை வீடுகளில் கடைசி வீடு. குளியலறை ஓடுகள் கத்தரிக்காய் நிறம், கூரைக் குழாய் ஒரு பக்கம் தொங்குகிறது. லைஸ்பெத் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். "உள்ளேயிருந்து பூட்டலாம்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் பெரிய கதை உண்டு. அவள் புருஷன் வேலை தேடிக் கனடா போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். விவாகரத்து என்றால் எங்கள் ஊர்ச் சபையில் யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டார்கள்; ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கையை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு நேராகவே திட்டிவிடலாம். அண்ணன் வீட்டு மேல்மாடி அறையில் அன்று போய் ஏறியவள்தான், இன்னும் இறங்கவில்லை. அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் குளிர்ப்பெட்டியில் லைஸ்பெத்துக்கு ஒரு தட்டு, பாத்திரம் கழுவ அவளுக்கு ஒரு நேரம், வெந்நீருக்கு ஒரு கணக்கு. பாலாடைக்கட்டியை அவள் தடிமனாக வெட்டிவிட்டால் அண்ணி வாய் திறப்பதில்லை; பெருமூச்சோடு சரி. இந்தப் பெருமூச்சுகளைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது.

வீட்டை விற்றவர்கள் இறந்துபோன ஒரு கிழவரின் இரண்டு மகன்கள். பங்கைப் பிரித்துக்கொண்டு ஓட அவர்களுக்கு அவசரம், வாங்க இன்னொரு ஆளும் காத்திருந்தார். ஒப்பந்தத்தில் ஒரு கெடு இருந்தது. அதற்குள் கடன் கிடைக்காவிட்டால் வங்கி மறுத்த கடிதத்தைக் காட்டி நஷ்டமில்லாமல் விலகிக்கொள்ளலாம். கெடு தாண்டிய பிறகு விலகினால் வீட்டு விலையில் பத்தில் ஒரு பங்கு அபராதம். லைஸ்பெத்தின் சேமிப்பையெல்லாம் கொட்டினாலும் அந்த அபராதத்துக்குப் பற்றாது. ஆகவே அந்தத் தாள் கெடுவுக்குள் வந்தாக வேண்டும், பிழையில்லாமல் வந்தாக வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால், அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இரண்டாவது வருஷ ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்டவர்களுக்காகவே அந்தப் படிவத்தில் இன்னொரு பகுதி உண்டு. இந்த ஆள் இப்போதுபோலவே வேலை செய்து, தொழிலும் இப்போதுபோலவே நடந்தால், ஒப்பந்தம் முடிந்ததும் நிரந்தரமாக்குவோம் என்று முதலாளி உறுதி சொல்லும் பகுதி. அதற்குத் தனியாக ஒரு கையெழுத்து. வங்கிக்காரன் முதலில் தேடுவது இந்த இரண்டாவது கையெழுத்தைத்தான்.

எங்கள் முதலாளி ஆரென்ட் ஹார்டமானை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூடத்தில் யார் வீட்டிலாவது உடம்பு சரியில்லை என்றால் அன்று மாலையே சூப்புப் பானையோடு போய் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் ஓடாது. கோழிகளுக்கு ஓய்வுநாள் தெரியாதே, அவை பாட்டுக்கு முட்டையிடும். அதெல்லாம் பண்ணைகளிலேயே திங்கள்வரை காத்திருக்க வேண்டியதுதான். இன்னொரு பழக்கமும் உண்டு. வரப்போகிற எதைப் பற்றி எழுதினாலும் பக்கத்தில் டே.வே. என்று போடுவார். லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள். தேவனுக்குச் சித்தமானால் என்று அர்த்தம். ஊழியர் சுற்றுலா அறிவிப்பில் போடுவார், மேசை நாட்காட்டியில் பல் வைத்தியர் பெயருக்குக் கீழே போடுவார். எங்கள் பக்கத்துச் சபைகளில் எல்லா அறிவிப்பிலும் இது இருக்கும் என்பதால் எங்கள் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

அதனால்தான் அன்று நானும் கவனிக்கவில்லை. படிவத்தைக் கணினியில் நிரப்பி, அச்சடித்து, அவர் மேசையில் வைத்தேன். சம்பளத்துக்குக் கீழே கையெழுத்து. அது இன்றைய உண்மை, அதில் அவருக்குத் தயக்கமில்லை. நிரந்தரமாக்குவோம் என்ற பகுதியில் இரண்டாவது கையெழுத்து, அதன் பக்கத்தில் அழகாக டே.வே. முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன்.

லைஸ்பெத்துக்காக வங்கியோடு பேசுகிற கடன் ஆலோசகர் யூரியான் பெருநகரத்துப் பையன். அவன் எனக்குப் போன் பண்ணி, அந்த இரண்டு எழுத்து எந்தப் பிரிவின் குறியீடு என்று கேட்டான். நான் அர்த்தத்தைச் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினான். வங்கியின் கண்ணுக்கு அது ஒரு நிபந்தனை. உறுதி சொல்லும் இடத்தில் கையால் எதையும் சேர்க்கக் கூடாது. சுத்தமாக ஒன்று வேண்டும் என்றான்.

பாஸிடம் போய்ச் சொன்னேன். பாவம் அந்தப் பையன், எழுத்தைச் சுருக்கிப் போட்டால் அவனுக்கு எப்படிப் புரியும் என்றார். மறுநாள் அவரே எழுந்து வந்து புதுப் படிவத்தை என் மேசையில் வைத்தார். இரண்டாவது கையெழுத்துக்குக் கீழே, பள்ளிக்கூட எழுத்தில், சுருக்கமே இல்லாமல் முழு வாக்கியம்: தேவன் சித்தங்கொண்டு, நாங்களும் உயிரோடு இருந்தால்.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. உதவி செய்ததாக நினைத்துக்கொண்டு நிற்கிறார் மனுஷன். நாங்களும் உயிரோடு இருந்தால் என்று படிக்கிற வங்கிக்காரன் என்ன நினைப்பான், இந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் ஏதோ தீராத வியாதி என்றுதானே நினைப்பான். இதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

படிவம் மறுபடி திரும்பி வந்தது. மூன்றாவது முறையாக அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். படிவத்தில் எதுவும் எழுதாமல், கூடவே ஒரு தனிக் கடிதம் வைப்பாராம். அந்த வார்த்தை நிபந்தனை இல்லை, உலகத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவானது, வங்கிக்கும் அது பொருந்தும் என்று அதில் விளக்கம். யூரியான் அதைப் படித்துவிட்டு, இதை அனுப்பினால் கோப்பையே மூடிவிடுவார்கள் என்றான். பிறகு அவனே ஒரு வழி சொன்னான். உறுதிமொழியே வேண்டாம், இன்றைக்கே அவளை நிரந்தரமாக்கிவிட்டால் நாளையைப் பற்றிய பேச்சே எழாது, படிவத்தில் நிரந்தரம் என்று ஒரு கட்டத்தை நிரப்பினால் போதும். நான் ஓடிப்போய் பாஸிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒப்பந்தம் முடிகிற சமயத்தில்தானே அதைப் பேசுவது வழக்கம், யோசிக்கிறேன் என்றார்.

இதற்குள் கெடு முடிகிற நாள் வந்திருந்தது. யூரியான் கெஞ்சி, விற்கிற பிள்ளைகளிடம் எழுத்தில் ஒரு வாரம் நீட்டிப்பு வாங்கியிருந்தான். வெள்ளிக்கிழமை மாலைவரை. இதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இதையும் நான் பாஸிடம் சொன்னேன். தலையாட்டினார்.

லைஸ்பெத் இத்தனை நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். அவளும் பாஸும் ஒரே சபை. அவர் உட்காரும் வரிசைக்கு இரண்டு வரிசை பின்னால்தான் அவள் உட்காருவாள். நான் வேறு சபை, கொஞ்சம் வாய் நீளம். நீ போய்க் கேளடி, தாள் உனக்குத்தானே வேண்டும் என்று அவளைப் பிடித்துத் தள்ளினேன். அவர் மனசாட்சிக்கு விரோதமாக எழுதச் சொல்ல நான் யார் என்றாள். உன் வீட்டை அவர் மனசாட்சி விழுங்குகிறது, பார்த்துக்கொண்டிரு என்றேன். அவள் போய் முட்டைகள் வரும் ஓடுபட்டையின் தலைமாட்டில் நின்றுகொண்டாள். விளக்கு மேசையில் ஒளி கீழிருந்து அடிக்க, முட்டைகள் உருண்டு வந்துகொண்டே இருந்தன. அவள் கீறல் விட்டவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே இருந்தாள்.

வியாழக்கிழமை பாஸ் கூடத்துக்குள் வந்தார். புது லாரி சரக்கேற்ற நின்றிருந்தது. அதன் பளபளப்பான பக்கத்தைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, லைஸ்பெத்தைக் கண்டதும் ஆறுதல் சொல்கிற முகத்தோடு அவளிடம் போனார். கவலைப்படாதே, அந்த வீடு உனக்கென்று இருந்தால் அது உனக்கு வந்தே தீரும் என்றார்.

அவள் கையுறையைக் கழற்றினாள். நான் வாசலில் நின்றிருந்தேன்.

"பாஸ், இந்த லாரிக்கு அஞ்சு வருஷக் குத்தகைன்னு கையெழுத்துப் போட்டீங்க. நாங்க எல்லாரும் கேக்கைத் தின்னுக்கிட்டுச் சுத்தி நின்னோம், லாரி மூக்கு மேலயே தாளை வெச்சுத்தான் போட்டீங்க. அதுல அந்த ரெண்டு எழுத்தை எழுதினீங்களா?"

பாஸ் லாரியைப் பார்த்தார். இது வேறு விஷயம் என்று சொல்ல வந்தார் போலிருக்கிறது, பாதியில் நின்றுவிட்டார்.

"தேவன் சித்தம்தான் நடக்கும்னு எனக்கும் தெரியும், நானும் அதே சபையிலதான் வளர்ந்தேன். லாரிக்காரன்கிட்ட அஞ்சு வருஷத்துக்கு யோசிக்காமக் கையெழுத்துப் போடுறீங்க. என்னை வெச்சுக்கிறேன்னு சொல்றதுக்கு மட்டும்தான் உங்களுக்குத் தேவன் ஞாபகம் வருதா? இன்னிக்கே நிரந்தரமாக்குங்க. இன்னிக்குங்கறதுல என்ன பயம் உங்களுக்கு?"

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் லாரிக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு உள்ளே போனான். பாஸ் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அவர் கோபப்படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். "நான் இதை எடுத்துட்டுப் போய் யோசிக்கணும், லைஸ்பெத்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவள் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நான் நிரந்தர ஒப்பந்தத்தை அடித்து, புதுப் படிவத்தையும் நிரப்பி, கையெழுத்து மட்டும் பாக்கி என்ற நிலையில் அவர் அறைக் கதவைத் தட்டினேன். பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்று சாயங்காலத்துக்குள் வங்கி ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் விலகியாக வேண்டும் என்றேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன் அலீடா, தாள்களை வைத்துவிட்டுப் போ என்றார். மத்தியானம் மறுபடி போனேன். முகத்தைக்கூட நிமிர்த்தவில்லை. அரை நாள்காரி நான், அன்று வீட்டுக்குப் போகாமல் முழு நாளும் உட்கார்ந்திருந்தேன். போன் அடிக்கும்போதெல்லாம் அந்தக் கதவைப் பார்த்தேன். திறக்கவில்லை.

நாலு மணிக்கு மேல் யூரியான் லைஸ்பெத்தைக் கூப்பிட்டான். அவள் என் மேசையில் இருந்துதான் பேசினாள். இனி எந்தத் தாள் வந்தாலும் வங்கி இன்றைக்குள் பார்க்காது. ஒன்று விலக வேண்டும், அல்லது அபராதத்துக்குத் துணிந்து கெடுவைத் தாண்ட வேண்டும். அவள் தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். கடைசியில், விலகுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். வங்கி மறுத்த கடிதத்தை யூரியான் விற்பனைத் தரகருக்கு அனுப்பி முடித்துவிட்டான். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த அறைக் கதவை உடைத்துவிடலாம் போலிருந்தது. லைஸ்பெத்தோ சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை பாத்திரம் கழுவுவது அவள் முறை.

திங்கட்கிழமை காலை, இயந்திரத்தை இன்னும் ஓட்ட ஆரம்பிக்கவில்லை. பாஸ் அலுவலகத்துக்குள் வந்தார், லைஸ்பெத்தைக் கூப்பிடச் சொன்னார். சவரம் செய்து, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டிருந்தார். கையில் நான் வைத்துவிட்டு வந்த இரண்டு தாள்களும் இருந்தன. நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்து. படிவத்தில் கையெழுத்து. ஓரத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

அவர் நின்றுகொண்டே பேசினார். மூன்று நாளாக ஜெபித்தாராம். வெள்ளிக்கிழமை ராத்திரி லாரி ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தாராம், அந்த எழுத்துகள் அதில் இல்லையாம். அவளைக் கைவிட வழி வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் தேவன் பேரைச் சொன்னேனோ என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோது தோன்றிவிட்டதாம். சொல்லும்போது கண் கலங்கியது.

"லாரிக்காரனை நம்பின அளவுக்கு நான் உன்னை நம்பல, லைஸ்பெத். மன்னிச்சுக்கோ. இப்ப எல்லாம் சரியா இருக்கு. வங்கிக்கு அனுப்பிடு."

நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது, இந்த மனுஷனுக்கு இன்னும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை என்று நான் தொண்டை கிழியச் சொன்னதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது, உள்ளே போகவில்லை.

"வீடு வெள்ளிக்கிழமையே போயிடுச்சு, பாஸ்" என்றாள் லைஸ்பெத். "காத்திருந்த ஆளுக்கே சனிக்கிழமை குடுத்துட்டாங்க."

அவர் அப்படியே என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோட்டுப் பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார். "ஞாயித்துக்கிழமை ஒரு நாள் அதுக்குன்னு உக்காந்து ஜெபிச்சுட்டு முடிவெடுக்கலாம்னு நினைச்சேன்" என்றார். "திங்கட்கிழமை பார்த்துக்கலாம்னு இருந்தேன்."

லைஸ்பெத் மேசைமேல் குனிந்து ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்தாள். அடுத்த வீட்டுக்கு அது வேண்டியிருக்கும். என் பேனாவை எடுத்து, தன் பெயர் இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மூடியை மாட்டி, பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு அவரைப் பார்த்தாள். கோபமே இல்லாத குரலில்தான் கேட்டாள்.

"திங்கட்கிழமை வரும்னு உங்களுக்கு எப்படி பாஸ் அவ்வளவு நிச்சயம்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கூடத்துக்குள் போய், கையுறையை மாட்டிக்கொண்டு, இயந்திரத்தை ஓட்டினாள்.